மாமனார் மாமியாரோட முதல் ஊட்டி ட்ரிப்

அன்புள்ள அக்கா,

கல்யாணம் ஆகி ஆறு மாசம் ஆகுது. நாங்க சென்னைல இருக்கோம், மாமா அத்தை கும்பகோணம். ஜனவரி 26 லீவோட சேர்த்து நாலு பேரும் மூணு நாள் ஊட்டி போறதா முடிவாகியிருக்கு. மாமாவுக்கு சுகர், ஏழரைக்கு டிபன், பன்னிரண்டரைக்கு சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம், இதுல எதுவும் மாறக்கூடாது. அத்தைக்கு முட்டி வலி, வெளிச் சாப்பாடு ஒத்துக்காது, "ரைஸ் குக்கர் எடுத்துக்கலாம், ரூம்லயே பண்ணிக்கலாம்"னு சொல்றாங்க. எனக்கு டாய் ட்ரெயின்ல முழு தூரமும் போகணும், அவரோட தனியா கொஞ்சம் நடக்கணும், அவ்ளோதான் ஆசை. அவர்கிட்ட சொன்னா "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, செலவும் கம்மியாகும், ஒரே ஃபேமிலி ரூமா போட்டுடலாம்"ங்கறார். யாரையும் நோகடிக்காம இத எப்படி செய்யறதுன்னு தெரியல.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதல்ல ரூம். ஃபேமிலி ரூம் வேண்டாம்மா, இதுல மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க. நாலு பேர் ஒரே ரூம்னா மாமா அஞ்சு மணிக்கு எழுந்து லைட்டப் போடுவாரு, நீங்களும் எழுந்துதான் ஆகணும், ராத்திரி பத்து மணிக்கு நீங்க ரெண்டு பேரும் பேசணும்னா பால்கனில குளிர்ல நிக்கணும், ஒரே பாத்ரூம், ஒரே கீசர், இதுல அவங்களுக்கும் சங்கடம்தான், மருமக முன்னாடி கால நீட்டிப் படுக்கவே அத்தைக்குக் கூச்சமா இருக்கும், அத அவங்க வாய் விட்டு சொல்லமாட்டாங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரூம் போடுங்க, அவங்களோடது கீழ்த்தளத்துல. ஊட்டில நிறைய இடம் சரிவுலதான் கட்டியிருப்பாங்க, "கிரவுண்ட் ஃப்ளோர்"னு சொல்லிட்டு ரோட்டுலேர்ந்து இருபது படி இறங்க வைப்பாங்க. முட்டி வலிக்காரங்களுக்கு ஏறுறத விட இறங்குறதுதான் கஷ்டம், அதனால வண்டி நிக்கிற எடத்துலேர்ந்து ரூம் கதவு வரைக்கும் எத்தன படின்னு போன்லயே கேட்டுடுங்க. ஜனவரில அங்க விடியக்காலைல உறைபனியே விழும், வெந்நீர் எத்தன மணிலேர்ந்து வரும், ஹீட்டர் உண்டா, அதுக்குத் தனியா காசா, இதையும் கேளுங்க.

அடுத்தது சாப்பாடு, நீங்க எழுதினதுல எனக்குக் கவலையா இருந்தது இந்த ரைஸ் குக்கர்தான். அத்தை ஆசைப்பட்டு சொல்லல, வயிறு கெட்டுப் போய் எல்லாருக்கும் பாரமாகிடுவோமோங்கற பயத்துல சொல்றாங்க, அந்த பயம் நியாயமானது. ஆனா மூணு வேளையும் ரூம்ல சமைச்சா யார் அரிசி களையறது, யார் பாத்ரூம் வாஷ்பேசின்ல பாத்திரம் தேய்க்கறது? நீங்களும் அத்தையும்தான். ரெண்டு பேருக்குமே லீவு இல்லாம போயிடும். ராத்திரி ஒரு வேளை மட்டும் ரூம்ல, சாதமும் வீட்லேர்ந்து கொண்டு போற புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாயும். காலை, மதியம் சுத்த சைவ ஓட்டல்ல சூடா இட்லி, சாதம், ரசம், மோர். சட்னி வேண்டாம்னா வேண்டாம், பொடிய கைல வச்சுக்கட்டும். இப்படி அவங்ககிட்ட சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, ஏன்னா ராத்திரி வயிறுதான் அவங்களுக்கு பயம். அந்த ஒரு வேளைக்கு அரிசி வைக்கறதும் பாத்திரம் கழுவறதும் உங்க வீட்டுக்காரர் வேலை, அத முதல் நாள்லேர்ந்தே அவர் செய்யட்டும், நீங்க கையக் கட்டிட்டு அத்தை பக்கத்துல உக்காருங்க. குக்கர பிளக் பண்ண அனுமதி உண்டான்னு ரூம்காரங்கள முன்னாடியே கேட்டுக்கோங்க, நிறைய இடத்துல விடமாட்டாங்க.

இன்னொண்ணு, ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்க தண்ணி நூறு டிகிரிக்கு முன்னாடியே, தொண்ணூத்திரண்டு தொண்ணூத்திமூணுலயே கொதிச்சுடும், அதனால பிரஷர் இல்லாத ரைஸ் குக்கர்ல நம்ம வீட்டு அளவுக்கு தண்ணி வச்சா சாதம் நறுக்குனு நிக்கும், பருப்பு வேகவே வேகாது. அரிசிய அரை மணி நேரம் ஊறப் போடுங்க, தண்ணி ஒரு கால் டம்ளர் கூட ஊத்துங்க, ஸ்விட்ச் மேல ஏறின பிறகும் பதினஞ்சு நிமிஷம் திறக்காதீங்க. பருப்பு வேக வைக்கற ஆசையே வேண்டாம். குளிர்ல தயிரும் உறையாது, கடைலயே வாங்கிடுங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு நீலகிரில தடை இருக்கு, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டு போனா வழில ரொப்பிக்கலாம்.

மாமாவோட நேரத்தப் பத்தி எழுதியிருந்தீங்க. அத பிடிவாதம்னு எடுத்துக்காதீங்க. அவர் என்ன மாத்திரை போடறார்னு சீட்டப் பாருங்க. வெறும் மெட்ஃபார்மின்னா சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப் போனாலும் பெரிசா பயமில்ல, ஆனா கிளிமிபிரைட் மாதிரி ஏதாவது இருந்தாலோ இன்சுலின் போட்டாலோ சாப்பாடு லேட்டானா சுகர் நெஜமாவே கீழ எறங்கிடும். எங்க மாமனார கூட்டிட்டு ஒரு தடவ குன்னூர் ரோட்டுல போனப்ப லீவு நாள் ட்ராஃபிக்ல வண்டி நின்னுடுச்சு, மணி ஒண்ணே முக்கால் ஆயிடுச்சு. யார்கிட்டயும் அதிர்ந்து பேசாத மனுஷன், டிரைவர பிடிச்சு கத்த ஆரம்பிச்சார், "யாரு உன்ன இந்த வழில வரச் சொன்னா"ன்னு. எல்லாரும் கோபம்னு நெனச்சு வாய மூடிட்டு இருந்தோம், என் மாமியார் மட்டும் திரும்பி அவர் நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க, அந்தக் குளிர்ல வேர்த்துக் கொட்டியிருந்தது, விரல் நடுங்குது. பைலேர்ந்து சர்க்கரைய எடுத்து மூணு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுத்தாங்க. பதினஞ்சு நிமிஷத்துல ஆள் பழையபடி ஆகி டிரைவர்கிட்ட மன்னிப்பு கேட்டார். அதனால உங்க மாமா திடீர்னு சிடுசிடுத்தா மனசுல வாங்கிக்கறதுக்கு முன்னாடி நெத்தி வேர்க்குதா, கை நடுங்குதான்னு பாருங்க. சர்க்கரை பொட்டலம் உங்க கைப்பைலயே இருக்கட்டும், டிக்கில போற பெட்டில வேண்டாம். குடுத்து பதினஞ்சு நிமிஷத்துல தெளியலன்னா இன்னொரு தடவ குடுக்கணும், தெளிஞ்ச உடனே ஏதாவது சாப்பிட வைக்கணும், ஆள் மயங்கிட்டா வாய்ல எதையும் ஊத்தாம நேரா ஆஸ்பத்திரி.

இப்ப உங்க டாய் ட்ரெயின். மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு ஏறினா ஊட்டி போய்ச் சேர கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், 46 கிலோமீட்டர்தான் ஆனாலும் கல்லார்லேர்ந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்துல ஏறுற வண்டி, வேகமா போகாது. பெட்டில டாய்லெட் கிடையாது, நடுவுல ஸ்டேஷன்ல நிக்கறப்பதான் போகணும். சுகர் உள்ளவருக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்ல வேண்டியதில்ல, முட்டி வலிக்கு அந்த நெருக்கமான சீட்டுல கால நீட்டவும் வழியில்ல. அதனால முழு தூரத்துக்கு அவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க, அதுக்காக நீங்களும் விட்டுடாதீங்க.

நான் உங்க எடத்துல இருந்தா இப்படி போடுவேன். மாமா அத்தை கும்பகோணத்துலேர்ந்து முன்னாடியே சென்னை வந்துடட்டும், அங்கேர்ந்து நாலு பேரும் நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிஞ்சதும் மேட்டுப்பாளையம். அங்கயே மாமாவுக்கு காபி, டிபன், மாத்திரை, அப்புறம் நாலு பேரும் கார்ல மேல. கொண்டை ஊசி வளைவு நிறைய இருக்கு, அத்தைக்கு வாந்தி வர்ற பழக்கம் இருந்தா முன் சீட்டு குடுத்து வளைவுல டிரைவர மெதுவா போகச் சொல்லுங்க. அன்னிக்கு வேற எதுவும் வேண்டாம், ட்ரெயின்ல தூங்காத அசதி எல்லாருக்கும் இருக்கும். ரெண்டாம் நாள் ஊட்டிலேர்ந்து குன்னூர் வரைக்கும் மட்டும் நாலு பேரும் டாய் ட்ரெயின்ல, ஒரு மணி நேரம் சுமார்தான், கேத்தி பள்ளத்தாக்கு அந்த வழிலதான் வரும், அவங்களுக்கும் ரயில்ல போன சந்தோஷம் இருக்கும். திரும்ப கார். மூணாம் நாள் காலைல பொட்டானிக்கல் கார்டன். 1848ல ஆரம்பிச்ச தோட்டம், மலைச் சரிவுல அடுக்கடுக்கா ஏறும், ஆனா கீழ்ப்பக்கம் புல்வெளி பரவலா இருக்கு, உக்கார எடம் உண்டு. மாமா அத்தைய வெயில் படற எடமாப் பாத்து உக்கார வச்சிட்டு நீங்க ரெண்டு பேரும் மேல தோடர் பழங்குடிகளோட குடியிருப்பான மந்து வரைக்கும் நடந்துட்டு வாங்க. கிளம்பறன்னைக்கு அவங்க ரூம மட்டும் சாயந்திரம் வரைக்கும் அரை நாள் வாடகை குடுத்து நீட்டிக்கோங்க. மாமா சாப்பிட்டுத் தூங்கட்டும். நீங்க ரெண்டு பேரும் ஊட்டில மதியம் ரெண்டு மணிக்கு கிளம்புற டாய் ட்ரெயின்ல மேட்டுப்பாளையம் வரைக்கும் முழுசா எறங்குங்க, மூணரை மணி நேரம் சுமார் உங்களுக்கே உங்களுக்கு. அவங்க மூணரை மணிக்கு மேல, மூணு நாளா பழகின அதே டிரைவரோட பெட்டிகளையும் எடுத்துட்டு கார்ல எறங்கட்டும். நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரிதான், நடுவுல சாப்பிட நேரம் இருக்கு.

முதல் ரெண்டு நாளும் மதியம் ஒண்ணரைலேர்ந்து நாலரை வரைக்கும் மாமா தூங்குவாரு, அத்தை கால நீட்டுவாங்க, அந்த நேரம் உங்களோடது. அத நீங்க சொல்லக்கூடாது, உங்க வீட்டுக்காரர்தான் அவர் அம்மா அப்பாகிட்ட சொல்லணும், அதுவும் ஊட்டிக்குப் போய் இல்ல, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி. மருமக சொன்னா அது ஒரு புகார் மாதிரி காதுல விழும், பையன் சொன்னா அன்னைக்கு ப்ரோக்ராம், அவ்ளோதான். "அப்பா, நீங்க ரெஸ்ட் எடுக்கறப்ப நாங்க ஒரு நடை போயிட்டு நாலரை காபிக்கு வந்துடுவோம்"னு சொல்லட்டும். அந்த நாலரைதான் முக்கியம். பெரியவங்களுக்கு நீங்க போறது பிரச்சினை இல்ல, தெரியாத ஊர்ல எப்ப வருவீங்கன்னு தெரியாம உக்காந்திருக்கறதுதான் கஷ்டம். ஒரு நாள் அஞ்சேகாலுக்கு வந்து நின்னீங்கன்னா மறுநாள் "நாங்களும் வர்றோம்"னு கிளம்பிடுவாங்க.

அவர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு திரும்பவும் சொன்னா, எதையெல்லாம், எத்தன மணிக்குன்னு இந்த லெட்டர வச்சே கேளுங்க. டாய் ட்ரெயின் டிக்கெட் லீவு நாளுக்கு சட்டுனு தீர்ந்துடும், அறுபது நாளுக்கு முன்னாடியே ஐஆர்சிடிசில தொறக்கும், ஊட்டிக்கு UAM, குன்னூருக்கு ONR, மேட்டுப்பாளையத்துக்கு MTP. UAM - MTP ரெண்டு டிக்கெட், UAM - ONR நாலு டிக்கெட், ரூம் கூட அப்புறம் பாத்துக்கலாம், இத முதல்ல போட்டுடுங்க.