மூன்றில் இரண்டு பங்கும் தொகுதிக் கோடும்

கேள்வி: "நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் பெரும்பான்மை எதையும் மாற்றலாமாமே? நாங்கள் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறோம். எண்ணிக்கையில் குறைந்த எங்களுக்கு அரசியலமைப்பு உரிமையெல்லாம் வெறும் காகிதம்தானா?"

காகிதம் இல்லை. ஆனால் அந்த உரிமைகளுக்கு இருக்கும் காவல் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு தாமான் வீட்டுக்கு வந்த குடும்பமாக நீங்கள் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால் இது உங்கள் வீட்டு முகவரியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பைத் திருத்துவது பற்றிச் சொல்வது 159ஆவது விதி. மக்களவையில் 222 பேர் என்றால் 148 பேர் ஆதரிக்க வேண்டும். அன்று அவையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு. மேலவையிலும் அதே அளவு வேண்டும். குடியுரிமை, மலாய் மொழியின் நிலை, மலாய்க்காரர் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலையைச் சொல்லும் 153ஆவது விதி, ஆட்சியாளர்களின் நிலை போன்ற சிலவற்றைத் தொட வேண்டுமானால் ஆட்சியாளர்கள் மன்றத்தின் சம்மதமும் தேவை. நீங்கள் கேட்கும் அடிப்படை உரிமைகள் 5 முதல் 13 வரையுள்ள விதிகளில் இருக்கின்றன. உயிர், சமத்துவம், பேச்சு, மதம், சொத்து எல்லாம் அங்கேதான். 10ஆவது விதியின் ஓர் உட்பிரிவைத் தவிர இவை அந்தப் பட்டியலில் வரவில்லை. இவற்றைத் திருத்த 148 கைகள் போதும்.

நீதிமன்றம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2017இல் செமினி ஜெயா நில எடுப்பு வழக்கிலும், 2018 ஜனவரியில் பிள்ளைகளின் ஒருதலைப்பட்ச மதமாற்றம் பற்றி இந்திரா காந்தி என்ற தாய் தொடுத்த வழக்கிலும், நீதி அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு, அதை நாடாளுமன்றம் திருத்தத்தால்கூடப் பறிக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு அந்தக் கோட்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் நீதிபதிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் 148 என்ற எண்ணையே பார்ப்போம்.

அந்த எண்ணை வைத்ததன் நோக்கம், ஒரே தரப்பு தனியாக அதை எட்டக்கூடாது, மற்றவரிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்பது. ஆனால் எட்டுவது வாக்கைப் பொறுத்து அல்ல, இடத்தைப் பொறுத்து. 2004இல் ஆளும் கூட்டணி வாங்கிய வாக்கு ஏறக்குறைய 64 விழுக்காடு. கிடைத்தது 219இல் 198 இடம், அதாவது 90 விழுக்காடு. 2013இல் வாக்கு 47 விழுக்காடு, இடம் 222இல் 133. எதிரணி பாதிக்கு மேல் வாக்கு வாங்கி 89 இடத்தில் நின்றது. ஒரு தொகுதியில் ஒருவரே வெல்லும் முறையில் இப்படி ஓரளவு நடக்கும், அது தொகுதி எல்லைக் கோட்டின் குற்றம் மட்டும் இல்லை. ஆனால் கோடு எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறது என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

1957இல் எழுதியவர்கள் இதை யோசித்தே செய்தார்கள். தேர்தல் ஆணைய உறுப்பினர்களை ஒரு நீதிபதியை நீக்குவதுபோன்ற நடைமுறை இல்லாமல் நீக்க முடியாது. தொகுதி எல்லையை அந்த ஆணையமே முடிவு செய்யும். ஒரு மாநிலத்துக்குள் எந்தத் தொகுதியும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. இந்த விதிப்படி ஆணையம் 1960இல் எல்லையை மாற்றி வரைந்தது. 104 தொகுதி 100 ஆனது. அப்போதைய கூட்டணிக்கு 104இல் 74 இடம் இருந்தது, மூன்றில் இரண்டுக்கு மேல். 1962இல் அரசியலமைப்பைத் திருத்தி அந்த வரைபடத்தை ரத்து செய்தார்கள். இறுதி முடிவு நாடாளுமன்றத்துக்குப் போனது. 15 விழுக்காட்டுக்குப் பதில், கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி அளவுகூட இருக்கலாம் என்ற புதிய விதி 13ஆவது அட்டவணையில் வந்தது. 1973இல் அந்தப் பாதி வரம்பையும் எடுத்துவிட்டார்கள். இன்று அட்டவணையில் இருப்பது "ஏறக்குறைய சமம்" என்பதும், கிராமப்புறப் பரப்புக்கு ஓரளவு சலுகை என்பதும்தான். எண் எதுவும் இல்லை. ஆணைய உறுப்பினர்களின் பதவிக்குப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. அவர்கள் வரைவதற்கு மட்டும் பாதுகாப்பு இல்லை.

உங்கள் மாநிலத்தையே கணக்குப் போடலாம். 2013இல் சிலாங்கூரில் 22 நாடாளுமன்றத் தொகுதி, வாக்காளர் 20 லட்சத்துக்குச் சற்று மேல். சராசரி ஏறக்குறைய 93 ஆயிரம். 1957 விதி இருந்திருந்தால் சிறியது 79 ஆயிரம், பெரியது 107 ஆயிரம். அந்த ஆண்டு காப்பாரில் 144,159 வாக்காளர். சபாக் பெர்ணமில் 37 ஆயிரம் சொச்சம். சபாக் பெர்ணமில் ஒரு வாக்கு காப்பாரில் கிட்டத்தட்ட நான்கு வாக்குக்குச் சமம். 1962 விதியில்கூட இது நிற்காது, ஏனென்றால் காப்பாரில் பாதி 72 ஆயிரம். 1973க்குப் பிறகுதான் இதற்கு இடம்.

நம் மக்களுக்கு இதில் என்ன? நாட்டில் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் இந்தியர் பெரும்பான்மை இல்லை. நம் வாக்கு வேலை செய்வது, போட்டி நெருக்கமாக இருக்கும் தொகுதியில் நாம் கணிசமாக இருக்கும்போது மட்டும். தோட்டம் மூடி, லயம் இடிந்து, மக்கள் காப்பார், கிள்ளான் போன்ற இடங்களுக்குப் போனபோது, அவர்கள் போய்ச் சேர்ந்தது வாக்கின் எடை குறைந்த பெரிய தொகுதிகளுக்கு. எல்லையை வரையும்போது நம் வாக்கை இரண்டு வழியில் பலனில்லாமல் ஆக்கலாம்: எப்படியும் ஒரு தரப்பு ஜெயிக்கும் தொகுதியில் குவித்துவிடுவது, இல்லையென்றால் மூன்று நான்கு தொகுதிக்குச் சிதறவிடுவது.

2018இல் நடந்ததைப் பாருங்கள். புதிய இடம் சேர்க்க மூன்றில் இரண்டு வேண்டும், அரசிடம் இல்லை. அதனால் தீபகற்பத்தில் ஒரு நாடாளுமன்ற இடமும் கூட்டாமல், உள்ளே கோட்டை மட்டும் நகர்த்தினார்கள். அதற்கு மொத்த உறுப்பினர்களில் பாதி, அதாவது 111 போதும். மார்ச் 28ஆம் தேதி 129க்கு 80 என்று நிறைவேறியது. ஆறு வாரத்தில், மே 9 அன்று, தேர்தல். அந்த வரைபடத்தில் டாமன்சாராவுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாக்காளர், சபாக் பெர்ணமுக்கு 40 ஆயிரம் அளவில். நீதிமன்றம் போனவர்களுக்கு, ஆணையம் செய்வது பரிந்துரைதான், அதைச் சீராய்வு செய்ய முடியாது என்ற பதில் கிடைத்தது.

கட்சிக்காக எழுதுகிறான் என்று யாராவது கீழே எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கோட்டை வரைந்த பிறகும் ஆளும் கூட்டணி அந்தத் தேர்தலில் தோற்றது. பெரிய அலை அடித்தால் கோடு தாங்காது. அலை இல்லாத தேர்தல்களில்தான் அது வேலை செய்யும். இன்னொன்று, கிராமத்துக்குச் சலுகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரவாக் உட்பகுதியில் படகில் போய்ச் சேர வேண்டிய தொகுதிக்குச் சலுகை நியாயம். நெடுஞ்சாலை வசதியுள்ள சிலாங்கூரில் நான்கு மடங்குக்கு என்ன நியாயம் என்பதுதான் கேள்வி.

இனி உங்கள் கையில் இருப்பது. ஒரு சீரமைப்புக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 8 ஆண்டு இடைவெளி வேண்டும். தீபகற்பத்துக்கு அந்த 8 ஆண்டின் முடிவு 2026 மார்ச். ஆணையம் முன்மொழிவை அரசிதழிலும் நாளிதழிலும் அறிவித்து ஒரு மாதம் பார்வைக்கு வைக்கும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுக்கத் தகுதி மூன்று தரப்புக்கு: மாநில அரசு, அந்த இடத்தின் ஊராட்சி மன்றம், அல்லது சம்பந்தப்பட்ட தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 100 பேர் கொண்ட குழு. தகுதியான ஆட்சேபம் வந்தால் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும்.

இந்த நூறில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. கோயில் திருவிழாவில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினால், பாதிப் பேர் வேலைக்காக ஷா ஆலாமுக்கோ ஜொகூருக்கோ போய் ஐசி முகவரியை மாற்றியவர்களாக இருப்பார்கள். 2021 டிசம்பரிலிருந்து பதிவு தானாக நடக்கிறது, ஐசி முகவரிதான் தொகுதியைத் தீர்மானிக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சித்தப்பா பக்கத்துத் தொகுதியாக இருக்கலாம். 98 சரியான பெயர் இருந்தால் அது ஆட்சேபமே இல்லை. அதனால் 140, 150 பேரிடம் வாங்குங்கள். ஒவ்வொருவரின் ஐசி எண்ணையும் எஸ்பிஆர் எனப்படும் தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் தட்டி, தொகுதியும் வாக்களிப்பு வட்டாரமும் சரிதானா என்று பார்த்த பிறகே பட்டியலில் ஏற்றுங்கள். அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் ஒரு மாதம் போதாது. இப்போதே சரிபார்த்து வைக்கலாம்.

அடுத்தது, என்ன எழுதுவது. "இந்தியர் வாக்கைப் பிரிக்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் அட்டவணையில் அதற்குப் பிடிமானம் இல்லை. பிடிமானம் உள்ளவை இரண்டு: வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், உள்ளூர்த் தொடர்புகள் அறுபடக் கூடாது. லயம் ஒரு தொகுதியிலும், பிள்ளைகள் போகும் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் கிளினிக்கும் மறு தொகுதியிலும் விழுந்தால், அதை வரைபடத்தில் குறித்து, எந்த வாக்களிப்பு வட்டாரம் எங்கே இருக்க வேண்டும் என்று பெயரோடு எழுதுங்கள். கூடவே கணக்கும் வேண்டும். அந்த வட்டாரத்தில் 1,800 பேர் என்றால், மாற்றிய பிறகு இரண்டு தொகுதியும் சராசரிக்கு எவ்வளவு நெருங்குகின்றன என்று காட்டுங்கள். மாற்று யோசனை இல்லாத ஆட்சேபத்தைக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவது சுலபம். முன்மொழிவைத் திருத்தினால் மறுபடி ஒரு மாதம் பார்வைக்கு வரும், ஆட்சேபம் வந்தால் இரண்டாம் விசாரணை. அதற்கு மேல் இல்லை.

கேட்டதற்கு நேரடிச் சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆட்சேபிக்கத் தகுதியுள்ள அந்த ஊராட்சி மன்றத்தை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976 சட்டத்தோடு முடிந்துபோனது. தாமானில் சாக்கடை அடைத்தால் நியமனம் பெற்ற கவுன்சிலரைத் தேடி ஓட வேண்டும், அவர் வரவில்லை என்றால் நம்மிடம் வாக்கு இல்லை. சின்ன ஊரில் சிறுபான்மைக்கு நிஜமான பேரம் பேசும் பலம் இருந்த ஒரே தேர்தல் அது. ஒருவர் பின் ஒருவராக எல்லா அரசும் அதைத் திருப்பித் தருவதைத் தள்ளிப்போடுவது எனக்குக் கோபம் தருகிறது.

விசாரணை முடிந்ததும் அறிக்கை பிரதமரிடம் போகும். மாற்றத்தோடும் அவர் அதை அவையில் வைக்கலாம். பிறகு 111 வாக்கு. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது இரண்டைக் கேளுங்கள்: 13ஆவது அட்டவணையில் மறுபடி ஓர் எண்ணை, 15 இல்லாவிட்டால் 30 விழுக்காட்டையாவது, எழுத ஆதரிப்பாரா; இறுதி முடிவை ஆணையத்திடமே திருப்பிக் கொடுக்க ஆதரிப்பாரா. இரண்டும் அரசியலமைப்புத் திருத்தம். எடுத்தபோது தேவைப்பட்ட அதே மூன்றில் இரண்டு, திருப்பி வைக்கவும் தேவை. 2019இல் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியபோது 211 பேர் ஒருவர்கூட எதிர்க்காமல் ஆதரித்தார்கள், ஆகவே இரு தரப்பும் சேர்ந்து அந்த எண்ணை எட்டுவது நடக்காத காரியம் இல்லை.