கிழிந்த மூலையை நிரப்புதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அம்பாசமுத்திரம்): தாத்தா-ஆச்சி கல்யாணப் போட்டோவில் வலது கீழ்மூலை முக்கோணமாகக் கிழிந்துபோயிருக்கிறது. 600 dpi-யில் ஸ்கேன் செய்து, OpenCV-யின் `cv2.inpaint` கொண்டு நிரப்பினால் அந்த இடம் மங்கலாக இழுபட்டு நிற்கிறது. ஏன்?

பதில்: அந்தக் கட்டளை ஓட்டையின் விளிம்பில் உள்ள நிறத்தை மெல்ல மெல்ல உள்ளே பரப்புகிறது. படத்தில் விழும் மடிப்புக்கோடு போன்றது பத்துப் பிக்சல் அகலம்தான் என்பதாலும், அதன் இருபுறமும் படம் இருப்பதாலும் அங்கே அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நீங்கள் சொல்லும் மூலை 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால்கூட 600 dpi-யில் ஏறத்தாழ 470 பிக்சல் வருகிறது. அதோடு, முக்கோணத்தின் இரண்டு பக்கங்களுக்கு அப்பால் படமே இல்லாததால், கிழிசல் ஓடிய சாய்வுப் பக்கம் ஒன்றிலிருந்துதான் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய இடத்துக்கு, அருகிலுள்ள பகுதிகளிலிருந்து சிறு துண்டுகளை எடுத்துப் பொருத்தும் முறையே ஏற்றது. GIMP-இல் Resynthesizer செருகுநிரலை நிறுவினால் Heal Selection என்ற பெயரில் அது கிடைக்கும். ஆனால் மூலையை ஒரே வீச்சில் நிரப்பாதீர்கள். ஸ்டூடியோப் படத்தின் கீழ்மூலையில் வெள்ளை ஓரம், பூப்போட்ட தரை, திரைச்சீலை ஆகிய மூன்றும் சந்திப்பதுண்டு. முதலில் இடது கீழ்மூலையின் வெள்ளை ஓரத்தை நகலெடுத்து, கிடைவாட்டில் திருப்பி வையுங்கள். அடுத்து, தரையும் திரையும் சேரும் கோட்டையும் தரையின் கட்டக் கோடுகளையும் அவற்றின் சாய்வு மாறாமல் கையால் நீட்டுங்கள். கோடு எங்கே போய் முடியும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அதன்பின் தரையைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, Sample from என்பதில் Sides வைத்தால் மேலேயுள்ள திரைத்துணி தரைக்குள் வராது. Context sampling width ஒரு முழுப் பூவையாவது உள்ளடக்கும் அளவுக்கு இருக்கட்டும்.

கேள்வி (களக்காடு): நிரப்பிய பிறகும் கிழிசல் ஓடிய வழியில் வெள்ளைக்கோடு தெரிகிறது.

பதில்: காகிதம் கிழியும்போது படப்பூச்சு உரிந்து, அடியிலுள்ள வெள்ளை நார் வெளியே தெரியும். உங்கள் மாஸ்க் அந்த நாரை விட்டுவிட்டதால், நிரல் அதையும் படமென்றே எண்ணி உள்ளே இழுத்திருக்கிறது. படத்தின் பின்னால் கறுப்புத்தாள் வைத்து ஸ்கேன் செய்தால் நார் எங்கே முடிகிறதென்று துல்லியமாகத் தெரியும். மாஸ்க்கை அதற்கும் அப்பால், நல்ல படத்துக்குள் சில பிக்சல் விரித்துவிட்டு மீண்டும் நிரப்புங்கள்.

கேள்வி (திசையன்விளை): கிழிந்த மூலையில் பெரியம்மாவின் கையும் வளையலும் இருந்தன. அவற்றை மீட்க முடியுமா?

பதில்: அந்தப் படத்திலிருந்து மட்டும் முடியாது. எந்த மென்பொருள் கை வரைந்தாலும் அது உங்கள் பெரியம்மாவின் கை அல்ல. அதே நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்ட் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் அந்த மூலையை ஸ்கேன் செய்து, அளவும் சாயலும் ஒத்துவரச் சரிசெய்து ஒட்டலாம். கிடைக்காவிட்டால் அந்த இடத்தைச் சுற்றிலுமுள்ள சாயலில் வெறுமையாக விடுங்கள். தொடாத ஸ்கேனையும் TIFF கோப்பாகத் தனியே வைத்திருங்கள்.