நாலு கப் அரிசிக்கு எட்டு கப் தண்ணீர் ஏன் கூடாது?

கேள்வி: ஒரு கப் பச்சரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் வைத்தால் சாதம் உதிரியாக வருகிறது. விருந்தாளிகள் வந்த அன்று அதே பாத்திரத்தில் நாலு கப்புக்கு எட்டு கப் வைத்தேன், குழைந்துவிட்டது. கணக்கு சரிதானே?

பதில்: பெருக்கியதில்தான் தப்பு. ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கு அரிசிக்குள் போகிறது, மீதி ஆவியாகப் போகிறது. முதல் பங்குதான் அரிசியோடு சேர்ந்து கூடும். ஆவியின் அளவு பாத்திரத்தின் வாய், மூடி, தீ, வேகும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது.

சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே பார்க்கலாம். 200 மில்லி கப்பால் ஒரு கப் அரிசி, இரண்டு கப் தண்ணீர் போட்டு, பாத்திரத்தோடு நிறுத்துக்கொள்ளுங்கள். வெந்ததும் மறுபடி நிறுங்கள். எடை 180 கிராம் குறைந்திருந்தால் 180 மில்லி ஆவியாகிவிட்டது, மீதி 220 மில்லிதான் சாதத்தில் இருக்கிறது. அப்படியானால் நாலு கப்புக்கு 880, அதோடு ஆவிக்கு 180. மொத்தம் 1060 மில்லி, அதாவது சுமார் ஐந்தே கால் கப். கொதி வரக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால் ஐந்தரை வைக்கலாம். நீங்கள் வைத்தது எட்டு!

மிச்சத் தண்ணீர் சும்மா நிற்காது. பச்சைத் தண்ணீரில் மாவுச்சத்துத் துகள்கள் கொஞ்சம்தான் ஊறும். ரகத்தைப் பொறுத்து சுமார் 60 முதல் 80 டிகிரிக்குள் அவற்றின் கட்டமைப்பு தளர்ந்து, தண்ணீரை இழுத்து உப்பிக் கூழாகும். இதுதான் வேகுதல். அதற்குப் பிறகும் தண்ணீரும் சூடும் இருந்தால் துகள்கள் உப்பிக்கொண்டே போய் உடையும், மாவுச்சத்து வெளியே கசிந்து பருக்கைகளை ஒட்டவைக்கும். ஒரு பருக்கையை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. புள்ளி மறைந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம்.

பாக்கெட்டில் ‘1:2’ என்று அச்சடிப்பவர்கள் எந்தப் பாத்திரம், எத்தனை கப் என்று ஏன் சொல்வதில்லை? ஒரு வரி சேர்த்தால் போதும். இத்தனை வருடமாகச் சொல்லியும் யாரும் செய்யவில்லை.

ஒரு விதிவிலக்கு மட்டும் முக்கியம்: பழைய அரிசி. பல மாதம் இருப்பில் கிடந்த அரிசியின் பருக்கை இறுகிவிடும். அது கூடுதல் தண்ணீர் இழுத்தும் ஒட்டாது. அதனால்தான் அதற்கு விலை அதிகம், அதனால்தான் புது அரிசியைப் பழையது என்று தள்ளிவிடும் தரகர்களும் இருக்கிறார்கள். பழுப்பு நிறத்தைக் காட்டினால் நம்பாதீர்கள். மூட்டையாக வாங்குமுன் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, வீட்டில் இருக்கும் பழைய அரிசியோடு ஒரே அளவு தண்ணீரில், ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்களில் ஆவியில் வேகவையுங்கள். புதியது ஈரமாக ஒட்டிக் கிடக்கும். அப்படி இருந்தால் மூட்டையை எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைக் குறைத்துத் தொடங்குங்கள்.