வளைந்த அம்பு பொத்தான்: மலை ஏறும்போது அழுத்தலாமா, விடலாமா?

வாகன ஏ.சி. வேலையில் மழை தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே பொத்தானைப் பற்றியவைதான். கார் படத்துக்குள் வளைந்த அம்பு போட்டிருக்குமே, அது. அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். விட்டால் வெளிக்காற்று வரும்.

அண்ணே, கொழும்பிலிருந்து இரவில் வரும்போது கினிகத்தேனை ஏற்றத்தில் முன் கண்ணாடி முழுக்க வெளுத்துவிடுகிறது. துணியால் துடைத்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பவும் வருகிறது. குளிர் என்று ஏ.சி.யையும் நிறுத்திவிட்டுத்தான் ஓடுகிறேன். காரில் நாலு பேர். — மஸ்கெலியா

அவிசாவளைச் சூட்டில் வளைந்த அம்பை அழுத்தியிருப்பீர்கள், அதை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்ததும் ஏ.சி.யை மட்டும் நிறுத்தியிருப்பீர்கள். பிழை அங்கேதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் ஈரம் வெளியேறுகிறது. நாலு பேர் என்றால் மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர். ஏ.சி. ஓடும்வரை உள்ளே இருக்கும் குளிர்ச்சுருள் அந்த ஈரத்தைப் பிடித்து, வண்டிக்கு அடியில் சொட்டாக விட்டுவிடும். கம்ப்ரசரை நிறுத்தியதும் அந்த வேலை நின்றுபோகும். அதோடு, சுருளில் ஏற்கெனவே படிந்திருந்த தண்ணீரும் ஆவியாகிக் காருக்குள்ளேயே திரும்பி வரும். வெளியே மழையில் குளிர்ந்துபோன கண்ணாடியில் அது படியாமல் எங்கே போகும்?

செய்ய வேண்டியது இதுதான்: வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். ஏ.சி.யைப் போடுங்கள். குளிராக இருந்தால் வெப்பத் திருகியைச் சூட்டுப் பக்கம் திருப்புங்கள். ஏ.சி.யும் சூடும் ஒன்றாக ஓடலாம், ஒன்று காற்றை உலர்த்தும், மற்றது சூடாக்கும். காற்றை முன் கண்ணாடிக்கு விட்டால் ஓரிரு நிமிடத்தில் தெளியத் தொடங்கும். வண்டியில் ஹீட்டர் இல்லையென்றால் பின் கண்ணாடிகள் இரண்டையும் ஒரு விரல் அளவு இறக்கிவிடுங்கள்.

எனக்கு வைப்பர் போட்டால் மங்கல் போய்விடுகிறது, உள்ளே துடைத்தால் போவதில்லை. இது வேறு பிரச்சினையா? — கண்டி

ஆமாம், உங்களுடையது நேர் எதிர். ஏ.சி. குளிர் கண்ணாடியில் நேராக அடித்து, வெளிப்பக்கத்தில் ஈரம் படிகிறது. காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, குளிரைக் கொஞ்சம் குறையுங்கள், சரியாகிவிடும்.

கடுகண்ணாவையில் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் காருக்குள் ஒரே கரும்புகை. பிள்ளைக்கு இருமல் வேறு. முழுப் பயணமும் உள்காற்றிலேயே ஓடலாமா? — பண்டாரவளை, ஓர் ஆசிரியை

புகைக்கு உள்காற்றுதான் சரி, டீச்சர். ஆனால் புகை நாறிய பிறகு அழுத்தினால் அந்தப் புகையையே உள்ளே அடைத்துச் சுற்றவிடுகிறீர்கள். முன்னால் லொறி கியர் மாற்றித் திணறுவது தெரிந்ததும் அழுத்திவிடுங்கள். ஏ.சி. வடிகட்டி தூசையும் கரியையும் ஓரளவு பிடிக்கும். காபனோரொட்சைட்டு போன்ற வாயுவை அது பிடிக்காது.

முழுப் பயணமும் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு. சின்னக் காரின் உள்ளே காற்று சுமார் 3,000 லீற்றர். ஒருவர் மணிக்கு 18 லீற்றர் அளவு காபனீரொட்சைட்டு விடுகிறார். நாலு பேர் கால் மணி நேரத்தில் 18 லீற்றர். வெளியே 0.04 வீதமாக இருக்கும் வாயு, இடுக்கே இல்லாத காரில் 0.6 வீதத்தைத் தாண்டும். எந்தக் காரிலும் இடுக்கு இருக்கும், அதனால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே ஏறும். ஆனாலும் பின் சீட்டுப் பிள்ளைகள் சாய்ந்து தூங்குவதும், சாரதிக்குக் கொட்டாவியும் தலைப்பாரமும் வருவதும் இதனாலும் இருக்கலாம். நெரிசலில் பத்து நிமிடம் உள்காற்று, புகை விலகியதும் வெளிக்காற்று. மறந்துவிட்டால் கண்ணாடிகளை ஒரு நிமிடம் இறக்கினாலே போதும்.

ஒன்று மட்டும் கவனம். முன்னால் வண்டியே இல்லாத இடத்திலும் உள்ளே புகை நாற்றம் அடித்தால் அது உங்கள் வண்டியின் புகையாக இருக்கலாம். புகைக்குழாய் ஓட்டை, டிக்கிக் கதவு ரப்பர், இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வாசனையில்லாத காபனோரொட்சைட்டும் அதோடுதான் வரும். அதற்கு எந்தப் பொத்தானும் மருந்தில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு கராஜுக்குப் போக வேண்டியதுதான்.

உள்காற்றில் ஓடினால் பெற்றோல் மிச்சமா? — ஹட்டன்

கீழ்நாட்டு வெயிலில் மிச்சம்தான், ஏற்கெனவே குளிர்ந்த காற்றைத் திரும்பக் குளிர்விக்க கம்ப்ரசருக்கு வேலை குறைவு. உங்கள் ஊர்க் குளிரில் வெளிக்காற்றே குளிர்தானே? கினிகத்தேனை தாண்டினால் மிச்சம் பார்க்க ஒன்றுமில்லை.