காசு வாங்காத வேலையும் போர்ட்ஃபோலியோவில் நிற்கும்

கேள்வி: யூஎக்ஸ் டிசைன் படித்து முடித்துவிட்டேன். சம்பளத்துக்குச் செய்த வேலை ஒன்றுகூட இல்லை. பிரபல ஆப்கள் நான்கின் முகப்பை நானாகவே மாற்றி வடிவமைத்துப் போர்ட்ஃபோலியோவில் போட்டிருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. இன்னும் எத்தனை செய்ய வேண்டும்?

பதில்: எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். நான்கையும் ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை முழுதாகச் செய்யுங்கள். பிரபல ஆப்பின் முகப்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியாது. அதனால் நீங்கள் செய்த மாற்றம் ரசனையாக மட்டுமே தெரியும். வேலைக்கு எடுப்பவர் தேடுவதோ, எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை.

சின்னதாக, நீங்களே நேரில் கவனிக்கக்கூடிய வேலையாக எடுங்கள். ஒரு நூலகத் தளத்தில், இரவல் வாங்கிய புத்தகத்தின் கெடுவை நீட்டிப்பது என்று வைத்துக்கொள்வோம். அந்த நூலகத்தின் உறுப்பினர்கள் ஐந்து பேரிடம், அவரவர் போனிலேயே அதைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டமான பகுதி. எங்கே விரல் தயங்குகிறது, எங்கே பின்னால் போகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்திய பிறகு எதுவும் மாறாததால் மூன்று பேர் திரும்பத் திரும்ப அழுத்தினார்கள் என்றால், உங்கள் பிரச்சினை கிடைத்துவிட்டது. நிறத்தைத் தொடவே வேண்டியதில்லை. அழுத்தியதும் அதே இடத்தில் புதிய கெடு தேதி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், எல்லாம் சரியாக நடக்கும் திரையோடு நின்றுவிடாதீர்கள். பெரும்பாலான மாதிரி வேலைகள் கோட்டைவிடுவது இங்கேதான். அந்தப் புத்தகத்தை வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால்? இணைப்பு நடுவில் அறுந்தால்? கையில் புத்தகமே இல்லாதவருக்கு அந்தப் பக்கம் என்ன காட்டும்? இந்த மூன்று திரைகளையும், அவற்றில் வரும் வாக்கியங்களையும் எழுதிச் சேர்த்தால், வேலை தெரிந்த ஆள் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டையும் அளந்துவிடுங்கள். இணையத்தை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான WCAG விதிகளின் AA அளவுகோலில் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும்.

புதிய வடிவத்தை வேறு சிலரிடம் கொடுத்து மறுபடி பாருங்கள். நீங்கள் செய்த முதல் வடிவத்தில் அவர்கள் தடுமாறினால் மறைக்காதீர்கள். அந்தத் திரையையும் போட்டு, ஏன் கைவிட்டீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். நேர்காணலில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

ஒரு கண்டிப்பு: மேலேயே 'சொந்த முயற்சியில் செய்தது, அந்த நூலகம் கேட்டுச் செய்ததல்ல' என்று எழுதிவிடுங்கள். 'புகார்கள் பாதியாகக் குறைந்தன' என்பது போன்ற பலனைச் சொல்லவே கூடாது, தளத்தில் ஏறாத வடிவத்துக்கு அப்படி ஒரு கணக்கு இருக்க முடியாது. 'முதலில் ஐந்து பேரில் இரண்டு பேர் முடித்தார்கள், மாற்றிய பிறகு நான்கு பேர்' என்று கண்ணால் பார்த்தது இருந்தால், அதை அப்படியே எழுதலாம்.