55 அங்குல டிவி: சோபாவை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: வரவேற்பறை 11 அடி அகலம், 16 அடி நீளம். புதிதாக 55 அங்குல 4கே டிவி வாங்கியிருக்கிறோம். சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது, சோபாவை எவ்வளவு தள்ளிப் போடுவது, வயர் தெரியாமல் செய்ய சுவரை வெட்டலாமா? நாலரை அங்குலச் செங்கல் சுவர். வீடு கட்டியவர்கள் டிவி பாயின்டை ஐந்தடி உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

பதில்:

அந்த ஐந்தடி பாயின்டை மறந்துவிடுங்கள். அதை வைத்தவர் உங்கள் சோபாவைப் பார்த்ததில்லை. உட்காரும் இடம் முடிவானால் உயரம் தானாக வரும். உயரம் முடிவானால் வயர் போகும் வழியும் தெளிவாகிவிடும்.

டிவியை 16 அடி நீளச் சுவரில் மாட்டி, எதிர்ச் சுவர்ப் பக்கம் சோபாவைப் போடுங்கள். குறுகிய சுவரில் மாட்டி எதிர்க்கோடியில் உட்கார்ந்தால் பதினான்கு அடி தள்ளிப் போய்விடுவீர்கள். அந்தத் தூரத்தில் 4கேவுக்குக் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியாது. தூரத்தைச் சுவரிலிருந்து சுவருக்கு அளக்கக் கூடாது, கண்ணிலிருந்து திரைக்கு அளக்க வேண்டும். சோபா பின்சுவரை ஒட்டியிருந்தால் தலை சுவரிலிருந்து ஓரடி முன்னால் இருக்கும். டிவியும் பிராக்கெட்டும் மூன்று நான்கு அங்குலம் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒன்பதரை அடிக்குச் சற்று மேல். 55 அங்குலத் திரைக்கு ஏழு முதல் எட்டு அடி நன்றாக இருக்கும். ஏழே கால் அடியில் திரை பார்வையில் 30 பாகை அகலத்தை நிரப்பும். ஆகவே சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுத்துப் போடுங்கள். பின்னால் கிடைக்கும் சந்தில் ஒரு ஒல்லியான அலமாரி வைக்கலாம். வீட்டில் பெரும்பாலும் சாதாரண எஸ்டி சேனல்கள்தான் ஓடும் என்றால் எட்டடிக்குக் கிட்டே வர வேண்டாம். கிட்டே போகப் போக அந்தப் படம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும்.

அடுத்தது உயரம். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, தரையிலிருந்து கண் வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 40 அங்குலத்தை ஒட்டி வரும். திரையின் நடுப்பகுதி அங்கே இருக்க வேண்டும். 55 அங்குல டிவியின் உயரம் சுமார் 27 அங்குலம் என்பதால் அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 26 அல்லது 27 அங்குலத்தில் வரும். கடையிலிருந்து மாட்ட வருபவர் "இது ரொம்பத் தாழ்வு சார்" என்பார். நின்றுகொண்டு பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். பாயில் உட்கார்ந்து பார்க்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கண் இன்னும் ஓரடி கீழே இருக்கும். அந்த வீட்டில் நிச்சயம் மேலே ஏற்றக் கூடாது. சந்தேகம் இருந்தால் செய்தித்தாள்களை 48க்கு 27 அங்குலமாக ஒட்டிச் சுவரில் பதித்து, இரண்டு நாள் அதைப் பார்த்தபடி உட்காருங்கள். துளை போடும்முன் இன்னொன்றையும் அளக்க வேண்டும்: டிவியின் பின்புறத் திருகுத் துளைகள் பல மாடல்களில் சரியாக நடுவில் இருப்பதில்லை. டிவியின் கீழ் விளிம்பிலிருந்து அந்தத் துளைகள் வரை அளந்து, அதைக் கணக்கில் சேர்த்தே பிராக்கெட்டுக்குக் குறியிடுங்கள்.

இனி வயர். செங்குத்தாகக் காடி வெட்டினால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. உங்கள் சுவரில் அது ஒன்றரை அங்குலம். எலக்ட்ரீஷியன் பதிக்கும் சாதாரண 25 மி.மீ. குழாய் அதில் அடங்கிவிடும். ஆனால் எச்டிஎம்ஐ முனையே சுமார் 20 மி.மீ. அகலம், வளைவில் சிக்கிக்கொள்ளும். தாராளமாக நுழைய இரண்டு அங்குலக் குழாய் வேண்டும், அதற்கு இந்தச் சுவரில் இடமில்லை. கிடைமட்டமாக வெட்டுவதையோ, கான்கிரீட் தூணில் கை வைப்பதையோ யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எனவே சுவரை வெட்டாமல் அதன் முன்னால் ஒரு பலகை எழுப்புங்கள். இரண்டு அங்குல மரச்சட்டங்களைச் செங்குத்தாக அடித்து, மேலே பிளைவுட் போர்த்தினால் உள்ளே வயர் இறங்க வழி கிடைக்கும். பிராக்கெட் வரும் இடத்தில் குறுக்கே ஒரு சட்டம் கொடுத்து, அதைச் சுவரோடு போல்ட்டால் பிணைக்கச் சொல்லுங்கள். வயர் போகும் இடத்தில் மட்டும் அதில் ஒரு வெட்டு விடட்டும். எடையைப் பிளைவுட் மட்டும் தாங்கக் கூடாது. டிவிக்குப் பின்னால் மூன்று அங்குலத் துளை ஒன்று, கீழே செட்டாப் பாக்ஸ் இருக்கும் இடத்தில் இன்னொன்று போதும். மின்சாரத்துக்குத் தனிக் குழாயில் வயர் இழுத்து, டிவியின் பின்னால் ஒரு ஓரமாகப் புது சாக்கெட் வையுங்கள். நடுவில் வைத்தால் பிராக்கெட்டில் இடிக்கும். சுவரை ஒட்டிய பிராக்கெட்டில் பின்னால் மூன்று நான்கு செ.மீ. இடைவெளிதான் இருக்கும், பிளக் அதைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே சாக்கெட்டைப் பலகைக்குள் உள்வாங்கிப் பொருத்த வேண்டும்.

வாடகை வீடாக இருந்தால் பலகை வேண்டாம். பிவிசி கேசிங் பட்டையை நேர்கோட்டில் ஒட்டி, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

பலகையை மூடுவதற்கு முன் எச்டிஎம்ஐ வயரை மாட்டி 4கே படம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். மூன்று மீட்டர் வயர் இந்த வேலைக்குத் தாராளம். கூடவே உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள், பின்னால் சவுண்ட்பாருக்கு வயர் இழுக்க உதவும்.