அழித்த பக்கத்தின் பெயர் யாருக்குப் போகும்?

கேள்வி: தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். கடைப் பெயரில் இருந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தம்பிதான் பார்த்துவந்தான். அவன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டதால், ஏப்ரல் 10ஆம் தேதி அதை டெலிட் செய்துவிட்டோம். இப்போது அதே பெயரில் புதிதாகத் தொடங்கப் போனால், அந்தப் பெயர் கிடைக்காது என்று வருகிறது. 2,000 கட்டைப்பைகளில் அந்தப் பெயரைத்தான் அச்சடித்து வைத்திருக்கிறோம். 8,000 ரூபாய் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? கடையின் ஜிமெயிலும் ஒன்றரை வருடமாகத் திறக்காமல் கிடக்கிறது. அதையும் யாராவது எடுத்துவிடுவார்களா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். ஜிமெயிலை இன்றைக்கே திறந்துவிடுங்கள். அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

ஏப்ரல் 10ஆம் தேதி நீங்கள் டெலிட் கொடுத்ததும் பக்கம் மற்றவர்கள் பார்வையிலிருந்து மறைந்திருக்கும். ஆனால் உண்மையில் அழிந்திருக்காது. இன்ஸ்டாகிராம் 30 நாள் தவணை தருகிறது. மே 10க்குள் தம்பி பழைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போயிருந்தால், டெலிட்டை ரத்து செய்து பக்கத்தை அப்படியே மீட்டிருக்கலாம். அந்தத் தேதி தாண்டியதும் மீட்க வழியில்லை. உள்ளே இருக்கும் தகவல்களை முழுக்கத் துடைத்து முடிக்க, டெலிட் கொடுத்த நாளிலிருந்து 90 நாள் வரை ஆகலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. உங்கள் கணக்கில் அது ஜூலை 9 வரை வருகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. அதே பெயரில் மறுபடியும் சேரலாம், வேறு யாரும் எடுக்காமல் இருந்தால் மட்டும். இதுதான் அங்கே விதி.

ஆனால் பெயர் கிடைக்கவில்லை என்பதாலேயே வேறொருவர் எடுத்துவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். பிரவுசரில் instagram.com/ என்று அடித்து, பின்னால் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். வேறு ஒருவரின் படமும் பதிவுகளும் தெரிந்தால், சரி, பெயர் போய்விட்டது. பக்கமே கிடைக்கவில்லை என்று வந்தால் காரணம் வேறாக இருக்கலாம். எடுத்தவர் தன் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கி வைத்திருக்கலாம், நிறுவனம் அவரைத் தடை செய்திருக்கலாம், அல்லது உங்கள் பழைய கணக்கின் பெயரே இன்னும் விடுவிக்கப்படாமல் இருக்கலாம். அப்படி வந்தால் மாதத்துக்கு இரண்டு முறை முயன்று பாருங்கள், அதற்குச் செலவில்லை. ஆனால் அதை நம்பி வியாபாரத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

எடுத்தவர் ஒரு பதிவுகூடப் போடாமல் சும்மா வைத்திருந்தால், பயன்படுத்தாத பெயரை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கலாமே என்று தோன்றும். நியாயமான எண்ணம்தான். ஆனால் நடக்காது. நெடுநாள் நுழையாத கணக்குகளை நீக்கும் உரிமையை இன்ஸ்டாகிராம் தன்னிடம் வைத்திருக்கிறது. எப்போது நீக்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். வரிசையில் நிற்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு அங்கே கிடையாது.

இந்த இடத்தில்தான் 8,000 ரூபாய் கேட்பவர் வருகிறார். பக்கத்தையோ பெயரையோ வாங்குவதும் விற்பதும் இன்ஸ்டாகிராமின் விதிகளுக்கு விரோதம். தெரியவந்தால் பக்கத்தையே முடக்கலாம். அதையும்விட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. அவர் சொன்னபடியே கணக்கைக் கையில் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதில் உங்கள் மின்னஞ்சலைப் போடுகிறீர்கள். உடனே பழைய மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் போகும்: உங்கள் கணக்கில் மின்னஞ்சல் மாற்றப்பட்டிருக்கிறது, இது நீங்கள் செய்யவில்லையென்றால் இங்கே தொடுங்கள் என்று. திருடுபோன கணக்கை மீட்பதற்காக வைத்த வழி அது. விற்றவர் அதைத் தொட்டால் பக்கம் மறுபடி அவரிடமே போய்விடும். பெயரும் போச்சு, பணமும் போச்சு. நீங்கள் யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்? விதிக்கு விரோதமாக வாங்கிய பொருளுக்கு அந்த நிறுவனம் உங்கள் பக்கம் நிற்காது. யாரிடமாவது பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம்.

நேர்வழி ஒன்று இருக்கிறது, ஆனால் குறுகலானது. உங்கள் கடைப் பெயருக்கு டிரேட்மார்க் பதிவு இருந்தால், அதன் பதிவு எண்ணோடு இன்ஸ்டாகிராமின் வணிகக்குறிப் புகார்ப் படிவத்தை நிரப்பலாம். எடுத்தவர் அந்தப் பெயரை வைத்துச் சேலையோ துணியோ விற்று, வாங்குபவர்கள் உங்கள் கடை என்று ஏமாறும்படி நடந்தால் புகாருக்கு வலு உண்டு. அதே பெயருள்ள ஒரு பெண் எங்கோ இருந்து தன் பூனைப் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தால் வலு இல்லை. அது அவருடைய சொந்தப் பெயராகவே இருக்கலாம். புகாரில் ஜெயித்தாலும் அந்தப் பக்கம் நீக்கப்படலாமே தவிர, பெயர் உங்கள் கைக்கு வரும் என்பதற்கு உறுதியில்லை.

இனிமேல் பதிவு செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் கடைப் பெயரை. ‘மதுரை சுங்குடி’ என்ற பெயருக்கு 2005லேயே புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. அது இந்த ஊர் நெசவுக்கும் சாயத்துக்கும் உரிய பொதுப்பெயர். எந்த ஒரு கடையும் தன் சொத்தாக்கிக்கொள்ள முடியாது. தனிநபரோ சிறு நிறுவனமோ இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகைப் பொருளுக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகள் செல்லும். இப்போது போன பெயரை மீட்க இது கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். அடுத்த தடவை உங்கள் பெயரில் யாராவது கடை போட்டால் கைகொடுக்கும்.

எடுத்தவர் உங்கள் பழைய சேலைப் படங்களையே போட்டு, உங்கள் கடை போலவே பேசிப் பணம் வசூலித்தால் கதையே வேறு. அது ஆள்மாறாட்டம். டிரேட்மார்க் இல்லாமலேயே புகார் செய்யலாம். அந்தப் பக்கத்தின் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, வேறொருவர் போல நடிக்கிறார் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுங்கள். அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை எடுத்தவருக்கு உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் போய்ச் சேரவில்லை என்பது ஒரு ஆறுதல். உங்களைப் பின்தொடர்ந்தவர்கள், வந்த செய்திகள், போட்ட படங்கள் எல்லாம் கணக்கோடு சேர்ந்தவை. பெயர் வாசலில் மாட்டிய பலகை மாதிரி. கணக்கு அழிந்தபோது அவையும் அழிந்தன. அந்தப் பெயரில் இப்போது இருப்பது முற்றிலும் வேறு கணக்கு. ஆனால் பலகையைப் பார்த்து வருகிறவர்கள் அந்த வாசலுக்குத்தான் போவார்கள். உங்கள் கட்டைப்பை, விசிட்டிங் கார்டு, கூகுள் மேப்பில் கடைக்குக் கீழே கொடுத்திருக்கும் இணைப்பு, வாட்ஸ்அப் பிசினஸ் விவரம் எல்லாமே இன்னமும் அங்கேதான் வழிகாட்டுகின்றன. மேப்பையும் வாட்ஸ்அப்பையும் இன்றே மாற்றலாம். பைகளைத் தூக்கிப் போட வேண்டாம். கடைப் பெயரோடு ‘madurai’ அல்லது ‘sungudi’ சேர்த்துப் புதுப் பெயர் வைத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, பழைய பெயரின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி முத்திரை குத்துங்கள். கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் நூறு நூறாக முடித்துவிடலாம்.

டெலிட் செய்யாமலேயே இதைத் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். தம்பி வேலைக்குப் போனபோது பாஸ்வேர்டு, மின்னஞ்சல், போன் எண் மூன்றையும் உங்களுடையதாக மாற்றியிருந்தால் போதும். பக்கம் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தால், டெலிட்டுக்குப் பக்கத்திலேயே தற்காலிக முடக்கம் என்ற வசதி இருக்கிறது. அதில் பெயர் உங்களிடமே நிற்கும். கடையின் பேஸ்புக் பக்கமும் தம்பி கையில் இருந்தால், அதையாவது அழிக்காமல் கைமாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது ஜிமெயில். இங்கே விதி நேரெதிர். ஒரு ஜிமெயில் முகவரி அழிக்கப்பட்டால், அதே பெயரை வேறு யாருக்கும் கூகுள் தருவதில்லை. அதில் அர்த்தம் இருக்கிறது. 2013இல் யாஹூ நிறுவனம் ஒரு வருடத்துக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்த முகவரிகளை விடுவித்துப் புதியவர்களுக்குக் கொடுத்தது. புதிதாக வாங்கியவர்களில் சிலருக்குப் பழைய உரிமையாளரின் சொந்தக் கடிதங்களே வந்து சேர்ந்தன. மின்னஞ்சல் பெயர் கைமாறினால் அதோடு இணைந்த எல்லாக் கணக்குகளின் சாவியும் கைமாறும் என்பதை அப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

ஆகவே கடையின் ஜிமெயிலைத் திருடர் எடுப்பார் என்ற பயம் வேண்டாம். நீங்களே இழந்துவிடும் ஆபத்துதான் உண்டு. இரண்டு வருடம் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. நீங்கள் ஒன்றரை வருடத்தில் இருக்கிறீர்கள், ஆறு மாதம் மிச்சம். ஒருமுறை உள்ளே போய் ஒரு கடிதத்தைத் திறந்து படித்தாலே கணக்கு நடப்பில் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். ஜிஎஸ்டி, வங்கி எதையாவது அந்த முகவரியோடு இணைத்திருக்கிறீர்களா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

உள்ளே போனதும் மீட்பு எண்ணாக எந்த போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். தம்பியின் பழைய எண்ணாக இருந்து, அவர் அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தால் சிக்கல். நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட மொபைல் எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்துவிட்டால் பாஸ்வேர்டு மறந்துபோன அன்று உங்களுக்கான ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும். அந்த எண்ணை நீக்கிவிட்டு, கடையில் தினமும் கையில் இருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். புது இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் அதே எண்ணையே கொடுங்கள்.